முக்கண்ணன் யார்?

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் வழியில் வண்டி நகரவே மாட்டேன் என்கிறதா? பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விடுகதை போடலாமே!

தொல்காப்பியமே விடுகதையைப் பேசுகிறது. ‘பிசி’ என்று பெயர் சொல்லி, அதை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒன்றை வேறொன்றாக உவமித்துக் கேட்பது ஒரு வகை. அடையாளத்தை நேராகச் சொல்லிவிட்டு, பெயரை மட்டும் மறைப்பது மற்றது.

காரில் விளையாட ஒரே விதிதான். விடை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணில் படுகிற பொருளாக இருக்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போகிற ஓர் அம்மா, “அவனுக்கு மூன்று கண், யார் அவன்?” என்று கேட்டால், பிள்ளை சட்டென்று “தேங்காய்” என்று சொல்லிவிடும். அதுவும் சரிதானே! இரண்டு விடை பொருந்தினால், துப்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: “ஒரு கண் சிவந்தால் ஊரே நிற்கும்.” இப்போது தேங்காய் விலகிவிடும்.

அடுத்தது, உவமை வகை. “மழை வந்தால் ஆடுவான், வெயில் வந்தால் படுப்பான். யார்?”

கொஞ்சம் யோசியுங்கள், நேயர்களே...

முதலாமவர் சிக்னல் விளக்கு. மழைக்கு ஆடுகிறவர், கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர்!