அடாப்டர் மாட்டியும் டிவியில் படம் வராதது ஏன்?

டிவியில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, மறுமுனையை அடாப்டரில் மாட்டி, அடாப்டரைப் போனின் யுஎஸ்பி-சி துளையில் இணைத்தால் படம் வந்துவிட வேண்டும். சில போன்களில் வருகிறது. சிலவற்றில் ‘நோ சிக்னல்’ என்பதைத் தவிர எதுவும் வருவதில்லை. பலரும் அடாப்டரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் காரணம் போனிலேயே இருக்கலாம்.

யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதன் வழியே படம் வெளியே போக, ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதியைத் தயாரிப்பாளர் சேர்த்திருக்க வேண்டும். அது இருந்தால், கோப்புகளைக் கொண்டுபோகும் அதிவேகத் தடங்கள் படத்தைச் சுமக்கும். அடாப்டருக்குள் இருக்கும் சிப் அதை எச்டிஎம்ஐயாக மாற்றும். யுஎஸ்பி 2.0 மட்டுமே உள்ள போன்கள் பலவற்றில் அந்தத் தடங்களே இல்லை. அங்கே இத்தகைய அடாப்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உதவாது.

கூகுள் பிக்சல் 8 இதற்கு நல்ல உதாரணம். 2023-ல் விற்பனைக்கு வந்தபோது அதை டிவியில் இணைத்தால் படம் வராது. 2024 ஜூனில் வந்த மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு அதே போனில் படம் வந்தது. வன்பொருளில் திறன் இருந்தது. மென்பொருள்தான் அதைத் திறந்துவிடவில்லை. ஐபோனில் இந்த வசதி 15 வரிசையில் தொடங்கியது.

எனவே அடாப்டர் வாங்கும் முன் தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடலின் விவரப் பட்டியலைத் திறந்து, DisplayPort என்ற சொல் இருக்கிறதா என்று தேட வேண்டும். லேப்டாப்பில் துளையின் அருகே ‘டி’க்குள் ‘பி’ எழுதிய சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருந்தால் படம் போகும். பேட்டரிப் படமோ பிளக் படமோ மட்டும் இருந்தால், அது சார்ஜ் ஏற்றுவதற்கான அடையாளம்தான்.

படம் வந்த பிறகும் ஒரு சிக்கல் வரலாம். 4கே டிவியில் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தால், விண்டோஸில் Settings > System > Display > Advanced display பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. பென்டிரைவ் துளைகளும் உள்ள ஹப்களில் இது அதிகம். நான்கு தடங்களில் இரண்டை யுஎஸ்பிக்கு ஒதுக்கிவிட்டு, மீதி இரண்டில்தான் அவை படத்தை அனுப்புகின்றன. 4கே 60 ஹெர்ட்ஸ் என்று குறிப்பிட்ட, எச்டிஎம்ஐ மட்டும் உள்ள அடாப்டரை மாட்டிப் பார்க்கலாம். டிவியின் அமைப்பிலும் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு உயர்தர சிக்னலை இயக்க வேண்டியிருக்கலாம்.

மற்றதெல்லாம் சரியாக இருந்து, ஓடிடி செயலியில் மட்டும் திரை கறுத்துப்போனால், நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி பாதுகாப்பை அடாப்டர் ஆதரிக்காமல் இருக்கக்கூடும்.