சிரிப்புக்கு முந்தைய அரை விநாடி

“மாத்திரையை வேளை தவறாம போட்டீங்களா?” என்று கேட்கிறார் டாக்டர். “போட்டேன் டாக்டர், குப்பைத்தொட்டிதான் நிரம்பிப் போச்சு” என்கிறார் நோயாளி.

மூளை ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போதே அடுத்து வரும் சொல்லை ஊகித்துக்கொண்டே போகிறது. இங்கே ‘போட்டேன்’ என்றால் விழுங்கியதாகவே அது எடுத்துக்கொள்கிறது. ‘குப்பைத்தொட்டி’ வந்ததும் ஊகம் பொய்க்கிறது. பொருந்தாத சொல் வந்தால் சுமார் 400 மில்லி விநாடியில் மூளையின் மின்னலை எதிர்மறைப் பக்கம் சாய்கிறது. 1980-இல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு இருவரும் கண்டறிந்த இந்த அலையின் பெயர் என்-400.

அது புதிரின் தொடக்கம்தான். மூளை உடனே பின்னோக்கிப் போய் ‘போட்டேன்’ என்பதற்கு ‘எறிந்தேன்’ என்று புதுப் பொருள் கொடுக்கிறது, எல்லாம் பொருந்திவிடுகிறது. இந்தப் பொருத்தம் முக்கியம்: வெறும் முரண் குழப்பத்தையே தரும். புதிர் அவிழ்ந்து வேடிக்கையாகப் படும்போது, உணவும் இசையும் தூண்டுகிற அதே வெகுமதிப் பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் சுறுசுறுப்படைகிறது.

இந்த இடத்தைக் காட்டியது எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன். ஆனால் அது அளப்பது ரத்த ஓட்டத்தை. அந்த மாற்றம் உச்சம் தொடச் சில விநாடிகள் பிடிக்கும். அதனால் மில்லி விநாடிக் கணக்குக்கு இஇஜி பதிவையே நம்ப வேண்டியிருக்கிறது.