புதிய பயிற்சியாளர்: முதல் பத்தியில் என்ன இருக்க வேண்டும்?

2024 ஜூலை 9 அன்று கௌதம் கம்பீரை இந்திய ஆடவர் கிரிக்கெட் அணியின் தலைமைப் பயிற்சியாளராக வாரியம் அறிவித்தது. இதையே செய்திக்குறிப்பாக எழுதிப் பார்ப்போம்.

பெயர், பதவி, எந்த அணி, எப்போது பொறுப்பேற்கிறார் ஆகிய நான்கும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். ‘ஜூலை 27-இல் தொடங்கும் இலங்கைத் தொடரிலிருந்து’ என்று தேதியோடு எழுதினால்தான் அது செய்தி. ‘விரைவில்’ என்றால் நிருபர் தொலைபேசியை எடுப்பார். அடுத்த பத்தியில் தேர்வு நடந்த விதம்: கிரிக்கெட் ஆலோசனைக் குழுவின் பரிந்துரை. உலகக் கோப்பை வெற்றியோடு விடைபெற்ற ராகுல் திராவிட்டுக்கு நன்றியையும் அங்கேயே சொல்லிவிடலாம். அது விடுபட்டால், அவர் ஏன் போனார் என்ற கேள்விதான் தலைப்பாகும்.

மேற்கோள் அதற்குப் பிறகுதான். தலைவரின் வாழ்த்தை உச்சியில் வைத்தால் உண்மையான செய்தி கீழே புதைந்துவிடும். கடைசியில் வைத்தாலும் ஆபத்து, இடமில்லாதபோது ஆசிரியர் அடியிலிருந்துதான் வெட்டுவார். முதலில் நியமித்தவர் பேசட்டும், ஏன் இவரைத் தேர்ந்தோம் என்று. பிறகு பயிற்சியாளர். ‘பெருமகிழ்ச்சி’ என்பதை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது. அணியில் முதலில் எதை மாற்றப்போகிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள்.