டவர் காட்டுகிறது, வீடியோ போக மறுக்கிறது

ஊர்க்கோடி வீட்டில் யூடியூப் தங்குதடையின்றி ஓடும். அதே கைபேசியில் எடுத்த கல்யாண வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரையாவது அழைத்தால் அவர் பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்கும். அவரோ "ஹலோ, நீங்க பேசுறதே கேக்கலையே" என்பார். திரையில் பார்த்தால் சிக்னல் கோடுகள் இரண்டோ மூன்றோ நிற்கும்.

அந்தக் கோடுகள் பொய் சொல்வதில்லை, பாதி உண்மையை மட்டும் சொல்கின்றன. டவரிலிருந்து வரும் அலை நம் கைபேசியில் எவ்வளவு பலமாக விழுகிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. நம் கைபேசி அனுப்புவது டவருக்கு எட்டுகிறதா என்பதற்குத் திரையில் எந்த அடையாளமும் கிடையாது. ஒரு டவரின் எல்லை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அப்லோடின் எல்லைதான். டவுன்லோட் அதைத் தாண்டியும் கொஞ்ச தூரம் போகும்.

காரணம், சக்தி. 4ஜி டவர் ஒன்று ஒரு திசைக்கு 40 வாட் அளவில் அலை பரப்புவது சாதாரணம். அதற்கு மேலும் உண்டு. சாதாரண 4ஜி கைபேசிக்கு உச்சவரம்பு 200 மில்லிவாட். அதாவது 200 மடங்கு வித்தியாசம். டவர் உச்சியில் அவ்வளவு பெரிய ஆன்டெனா இருக்கிறதே, அது உதவாதா என்று கேட்கலாம். உதவும், ஆனால் அனுப்பும்போதும் வாங்கும்போதும் ஒரே அளவுக்கு உதவும். அதனால் இந்த இடைவெளி அப்படியே நிற்கும். கோயில் ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பு வயல் வரை கேட்கும், வயலிலிருந்து நாம் வாயால் சொல்லும் பதில் கோயிலுக்குக் கேட்காது. கிட்டத்தட்ட அதே நிலைதான்.

கைபேசியின் சக்தியைக் கூட்டிவிட்டால் என்ன? பேட்டரி சீக்கிரம் தீரும், கைபேசி சுடும். அதோடு, காதோரம் வைத்துப் பேசும் கருவி உடலுக்குள் செலுத்தும் அலைச் சக்திக்கு இந்தியாவில் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு 2012 முதல் இருக்கிறது. இத்தனையையும் சமாளித்துச் சக்தியை இரட்டிப்பாக்கினாலும், கட்டடங்களும் மரங்களும் நிறைந்த ஊரில் தூரம் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும்.

இந்த 200 மடங்கு எல்லையில் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி அலைவரிசை 100 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். டவர் தன் 40 வாட்டை 100 துண்டுக்கும் பங்கிட்டால், துண்டுக்கு 400 மில்லிவாட். கைபேசியிடம் மொத்தமே 200 மில்லிவாட். அதை 100 துண்டுக்கும் பரப்பினால் துண்டுக்கு 2 மில்லிவாட். அவ்வளவு தூரம் தாண்டி அது இரைச்சலில் மூழ்கிப்போகும். மாறாக, முழுச் சக்தியையும் ஒரே துண்டில் குவித்தால் 200 மில்லிவாட். இது டவரின் ஒரு துண்டில் பாதி. டவரின் ரிசீவர் கைபேசியுடையதைவிட நுட்பமானது என்பதால் அந்தப் பாதிக் குறையும் ஈடாகிவிடும். ஆக, டவர் 100 துண்டில் தரும் தெளிவைக் கைபேசி ஒரு துண்டில்தான் தர முடியும்.

இதையெல்லாம் டவரே கவனித்துக்கொள்கிறது. தன்னிடம் இன்னும் எவ்வளவு சக்தி மிச்சம் இருக்கிறது என்பதைக் கைபேசி அவ்வப்போது டவருக்குத் தெரிவிக்கும். மிச்சம் இல்லை என்று தெரிந்ததும் டவர் அதற்குக் கொடுக்கும் துண்டுகளைச் சுருக்கிவிடும். ஒன்றுக்குப் பதில் பத்துத் துண்டு கொடுத்தால் வேகம் பத்து மடங்கு ஆகாது. ஒவ்வொன்றும் மங்கிப்போவதால் மூன்று மடங்கு ஆனாலே அதிகம். பக்கத்து டவர்களின் தொந்தரவு இல்லாத ஒரு கிராமத்து எல்லையில் டவுன்லோட் 40 எம்பிபிஎஸ் வரும் இடத்தில் அப்லோட் 1 எம்பிபிஎஸ் அளவில் நிற்பது இப்படித்தான். 100 எம்பி வீடியோ இறங்க 20 விநாடி போதும். அதே வீடியோவை அனுப்ப 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் கைபேசி முழு மூச்சில் அலை பரப்புகிறது. டவருக்கு அருகில் 1 மில்லிவாட்டுக்கும் குறைவாகவே போதும். ஊர்க்கோடியில் பேட்டரி வேகமாக இறங்குவதற்கு இது ஒரு காரணம்.

பேச்சுக்கு இவ்வளவு வேகம் வேண்டாம். 4ஜி அழைப்பில் 20 மில்லிவிநாடிக்கு ஒரு சிறு பொட்டலமாக நம் குரல் போகிறது. எல்லையில் அதுவும் தவறும் என்பதால், ஒரே பொட்டலத்தை அடுத்தடுத்து நான்கு முறை அனுப்பச் சொல்லும் வசதி 4ஜியில் உண்டு. அதற்கும் அப்பால் போனால்தான் "கேக்கலையே" தொடங்கும்.

அப்லோட் நலிந்தால் டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடுவது பலருக்குத் தெரியாத சங்கதி. இணையத்திலிருந்து ஒரு பக்கம் இறங்கும்போது "வந்தது, வந்தது" என்று கைபேசி பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் தாமதித்தால் அனுப்புகிற சர்வர் வேகத்தைக் குறைத்துவிடும். பின்னணியில் போட்டோக்கள் தானாக மேலேறிக்கொண்டிருந்தால், இந்தச் சின்னப் பதில்கள் அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். கோடுகள் இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால், முதலில் போட்டோ பேக்கப்பை நிறுத்திப் பாருங்கள்.

5ஜி வந்தால் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. இந்தியாவில் 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் வரிசையில், ஒரே அலைவரிசையில் இரு திசைகளும் மாறி மாறி நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐந்து பங்கு நேரத்தில் அப்லோடுக்கு ஏறத்தாழ ஒன்றுதான் கிடைக்கும். மக்கள் இறக்குவதுதான் அதிகம் என்பதால் இது நியாயமான பங்கீடுதான், ஆனால் அடி விழுவது எல்லையில் இருப்பவருக்கு. சக்தியும் குறைவு, அதைச் செலவிடும் நேரமும் குறைவு. இந்த வரிசையில் 400 மில்லிவாட் வரை அனுப்பும் கைபேசிகள் உண்டு. அது ஓரளவுக்குத்தான் ஈடு. 2022 ஏலத்தில் விற்பனையான 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த வரிசைகள் சுவரையும் தூரத்தையும் நன்றாகத் தாண்டும். எல்லையில் அப்லோடைக் காப்பாற்றுபவை அவையே.

நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். ஒரு சுவர் அலையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், ஜன்னலோரம் வருவது கைபேசியின் சக்தியைப் பத்து மடங்கு ஆக்கியதற்குச் சமம். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கைப் போட்டுவிடுங்கள். ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்க வேண்டாம். உரிமமில்லாமல் அதைப் பொருத்துவது சட்டவிரோதம். தவிர, அது டவரின் காதில் இரைச்சலைக் கொட்டி, ஏற்கெனவே எல்லையில் தத்தளிக்கும் அக்கம்பக்கத்தாரின் அப்லோடையும் கெடுத்துவிடும்.

ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் `*#*#4636#*#*` என்று டயல் செய்தால் சிக்னல் அளவு dBm கணக்கில் தெரியும். -115 அருகே இருந்தால் மேலே போட்ட கணக்கின் இடத்தில்தான் நிற்கிறீர்கள். அதுவும் டவுன்லோட் பக்கத்து அளவுதான். அதனால் நிறுவனத்திடம் புகார் சொல்லும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். டிராயின் மைஸ்பீட் ஆப்பில் சோதித்து, அப்லோட் எண்ணைத் தனியாக, இடத்தோடும் நேரத்தோடும் எழுதிக் கொடுங்கள்.