ஏழு நாள் அவகாசம்

2023 பிப்ரவரி 2 அன்று ட்விட்டர் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பிப்ரவரி 9 முதல் இலவச ஏபிஐ கிடையாது. ஏழே நாள் அவகாசம். இனி எவ்வளவு கட்ட வேண்டும் என்ற விவரம்கூட அதில் இல்லை. கெடு முதலில் 13-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு முறை தள்ளிப்போனது. கட்டணப் பட்டியல் வந்தது மார்ச் 29-இல்தான். அதன்படி இலவசப் பிரிவில் மாதம் 1,500 பதிவுகள் போட முடிந்தது, ஆனால் பிறர் பதிவுகளைப் படிக்க வழியில்லை. படிக்கவும் வேண்டுமானால் மாதம் 100 டாலர் கட்ட வேண்டியிருந்தது. (அந்த நூறும் 2024 அக்டோபரில் இருநூறாகிவிட்டது.) மழை அளவைத் தானே பதிவிடும் கணக்கு, ரயில் தாமதத்தைச் சொல்லும் கணக்கு, பழைய படங்களை மணிக்கு ஒன்றாக வெளியிடும் கணக்கு என்று ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ சின்ன நிரல்கள் இந்த ஏபிஐ வழியாகத்தான் தளத்தோடு பேசிவந்தன. அவற்றை நடத்தியவர்களை உண்மையில் சிக்கலில் மாட்டிவிட்டது கட்டணம் அல்ல. தரவு, பதிவேடு, வெளியிடும் இடம் மூன்றையும் ஒரே தளத்தில் முடிந்து வைத்திருந்ததுதான் என்பது என் வாதம்.

இதில் உரிமை என்று எதைக் கோரலாம்? ஏபிஐயைப் பொறுத்தவரை ஏறக்குறைய எதையும் கோர முடியாது. டோக்கன் வாங்கும்போது நாம் படிக்காமல் ஏற்றுக்கொள்ளும் டெவலப்பர் ஒப்பந்தம், அனுமதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் நிறுத்தவும் நிறுவனத்துக்கு இடம் தருகிறது. காசு கொடுக்காதவருக்கு, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழியும் இல்லை. நாமே போட்ட பதிவுகள் வேறு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டமான ஜிடிபிஆரின் 20-ஆம் பிரிவு, ஒருவர் தளத்துக்குக் கொடுத்த தனிப்பட்ட தரவைக் கணினி படிக்கும் வடிவில் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படி எடுத்துச்செல்லும் உரிமை இல்லை; முந்தைய வரைவில் இருந்தது, பிறகு காணாமல்போனது. ஆனாலும் இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டரின் அமைப்புகளில் `Download an archive of your data` என்ற பொத்தான் எல்லோருக்கும் இருக்கிறது. அறிவிப்பு வந்த அன்றே முதலில் அழுத்த வேண்டியது அதைத்தான். கணக்கு முடக்கப்பட்ட பிறகு அதை அழுத்த முடியும் என்று நம்பியிருக்க முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டு மாடியில் ஒரு வானிலைக் கருவி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தையும் மழையையும் பதிவிடுகிறது. மணிக்கு 6, நாளுக்கு 144, முப்பது நாளில் 4,320 பதிவுகள். 1,500 என்ற வரம்பில் இது பதினோராம் நாளே நின்றுவிடும். அரை மணிக்கு ஒன்றாகக் குறைத்தால் நாளுக்கு 48. முப்பத்தொரு நாள் மாதத்தில் 1,488. வரம்புக்குள் அடங்குகிறது, மிச்சம் பன்னிரண்டே பன்னிரண்டு. புயலன்று அடிக்கடி பதிவிடத்தான் இந்தக் கருவியே. அன்றைக்குப் பன்னிரண்டு எம்மூலைக்கு? ஆகவே இடைவெளியை ஒரே அளவில் வைக்காமல், மாற்றம் இருந்தால் அடிக்கடியும், இல்லாவிட்டால் உயிரோடிருப்பதைக் காட்டும் அளவுக்கு எப்போதாவதும் பதிவிடுவது புத்திசாலித்தனம். மழையில்லாத இரவில் ஒரே வெப்ப அளவைப் பதினைந்து முறை சொல்வதால் யாருக்கும் பயனில்லை. இலவச வரம்பு பின்னாளில் மேலும் சுருக்கப்பட்டதால், வரம்பின் விளிம்பில் நின்று திட்டமிட்டவர்கள் இரண்டாவது முறையும் நிரலைத் திருத்த வேண்டியிருந்தது.

எண்ணிக்கையைவிட ஆபத்தானது மௌனம். பழைய முகவரிக்கு அனுப்பும் நிரலுக்கு 403 என்ற மறுப்பு வரும், கூடவே 453 என்ற பிழை எண்ணும். நிரல் அதை யாரும் பார்க்காத ஒரு கோப்பில் எழுதிவிட்டு அடங்கிவிடும். அரை மணி கழித்து மறுபடியும் அதையே செய்யும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ கணக்கு அமைதியாக இருக்கிறது, அவ்வளவுதான். எச்சரிக்கை தரும் கணக்கில் அமைதிக்கு ‘ஆபத்தில்லை’ என்றே பொருள் கொள்வார்கள். அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை 2023 ஏப்ரலில், எல்லா எச்சரிக்கைகளையும் இனித் தானாகப் பதிவிட முடியாது என்று மக்களுக்குச் சொல்ல நேர்ந்தது. நியூயார்க் பெருநகரப் போக்குவரத்து ஆணையமான எம்டிஏ ஏப்ரல் 27-இல் ட்விட்டரில் சேவை அறிவிப்புகளையே நிறுத்தியது. மே 2-இல், அரசு மற்றும் பொதுத்துறைக் கணக்குகள் இத்தகைய அவசர அறிவிப்புகளுக்கு இலவசமாகவே ஏபிஐயைப் பயன்படுத்தலாம் என்று தளம் இறங்கிவந்தது. அந்தச் சலுகை சரிபார்க்கப்பட்ட பொது அமைப்புகளுக்கு மட்டும்; மாடியில் மழைமானி வைத்திருப்பவருக்கு இல்லை.

பரிகாரம் நிரலின் அமைப்பிலேயே இருக்கிறது. முதலில் தன் கணினியில் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். தளங்கள் அதற்குப் பின்தான். ஒன்று மறுத்தாலும் மற்றவை நிற்கக் கூடாது:

```python
save(row)
for send in (to_feed, to_mastodon, to_x):
    try:
        send(row)
    except Exception as e:
        log(send.__name__, e)
```

இதில் `to_feed` என்பது தன் சொந்த முகவரியில் வைக்கும் ஆர்எஸ்எஸ் கோப்பு. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். `to_x` நாளை செத்தாலும் ஒரு பெயரை நீக்கினால் போதும். பதிவேடு கையில் இருப்பதால், விடுபட்டவற்றைப் புதிய இடத்தில் பழைய தேதியைக் குறிப்பிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

காசைக் கட்டிவிட்டுப் போகலாமே என்பார்கள். பதிவிட்டு வருமானம் பார்ப்பவருக்கு அது சரிதான். ஆனால் கட்டணமும் ஓர் அனுமதிதான். நூறு இருநூறானபோது கட்டியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஏபிஐ இல்லாமல் பக்கத்தையே உருவி எடுக்கலாமே என்பது இன்னொரு யோசனை. தள விதிகள் அதைத் தடுக்கின்றன, கணக்கும் போகலாம்; போதாக்குறைக்கு, உள்நுழையாதவர்களுக்குப் பதிவுகள் தெரியாதபடி 2023 ஜூன் கடைசியில் ட்விட்டர் வாசலை அடைத்தபோது அப்படி எடுத்துக்கொண்டிருந்த நிரல்களும் ஒரே நாளில் நின்றன. மாஸ்டோடனுக்கு மாறினால் தீர்ந்தது என்பதும் பாதி உண்மைதான். நிரல் நடத்துபவர்கள் பலர் தஞ்சம் புகுந்த botsin.space என்ற சர்வர் 2024 டிசம்பரில் பதிவுகளை ஏற்பதை நிறுத்தியது. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு: வேறொரு சர்வரில் அதே ஏபிஐ, அதே நிரல், மாற்ற வேண்டியது முகவரியும் டோக்கனும் மட்டுமே.

கடைசியாக ஒன்று. கடைசிப் பதிவு வெற்றியடைந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் மின்னஞ்சல் வரும்படி ஒரு காவல் வைத்துக்கொள்ளுங்கள். அது அதே தளத்தின் வழியாகவும், அதே கணினியிலிருந்தும் வரக் கூடாது. பிறகு இன்றைக்கே டோக்கனில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி நிரலை ஓட்டிவிட்டு, எத்தனை மணிக்கு உங்களுக்குத் தெரியவருகிறது என்று பாருங்கள்.