விற்ற பிறகும் விட்டுப்போகாத உரிமை

எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் இசையமைப்பாளருக்கும் 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இரண்டு வகை உரிமைகளைத் தருகிறது. ஒன்று பணம் சம்பந்தப்பட்டது. நூலை அச்சிடுவது, மொழிபெயர்ப்பது, படமாக்குவது, பாட்டை ஒலிப்பதிவு செய்து விற்பது எல்லாம் இதில் அடங்கும். பொதுவாகப் பதிப்புரிமை என்று சொல்லப்படுவது இதுதான். வீட்டையோ நிலத்தையோ போல இதை எழுதிக்கொடுத்து விற்றுவிடலாம். இரண்டாவது உரிமை அந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் இருக்கிறது. பதிப்புரிமையை முழுவதுமாக விற்றுவிட்டாலும் இது படைப்பாளியிடமே தங்கிவிடும் என்று அந்தப் பிரிவு தன் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. சட்டம் பேசுவோர் இதைத் தார்மிக உரிமை என்கிறார்கள்.

இந்த உரிமைக்குள் இரண்டு விஷயங்கள் அடங்கும். ‘இது என் படைப்பு’ என்று உரிமை கொண்டாடிப் பெயர் போடச் சொல்வது முதலாவது. தன் மதிப்புக்கோ நற்பெயருக்கோ கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தாலும் வெட்டினாலும் மாற்றினாலும் அதைத் தடுப்பது, அல்லது நஷ்டஈடு கேட்பது இரண்டாவது. பிரெஞ்சு நீதிமன்றங்களில் வளர்ந்த இந்தக் கருத்து, 1928இல் ரோமில் நடந்த மாநாட்டில் பெர்ன் உடன்படிக்கைக்குள் நுழைந்தது. அதிலிருந்து பல நாட்டுச் சட்டங்களுக்கும் பரவியது. படைப்பு கைமாறினாலும் அதன் மேல் இருக்கும் பெயர் மாறுவதில்லை. வாங்கியவர் அதைக் கெடுத்தால் கெட்ட பெயர் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும்தான் வரும். ஏற்பாட்டின் நியாயம் இவ்வளவுதான்.

இந்தியாவில் இந்தப் பிரிவு என்ன செய்யும் என்று காட்டியது சிற்பி அமர்நாத் சேகலின் வழக்கு. தில்லி விஞ்ஞான் பவனுக்காக வெண்கலத்தில் ஒரு சுவர்ச் சிற்பம் செய்து தரும்படி 1957இல் மத்திய அரசு அவரைக் கேட்டுக்கொண்டது. ஐந்து ஆண்டு வேலை. 1962இல் முடிந்தபோது அது 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட பிரம்மாண்டமாக நின்றது. நாட்டுக்கு வரும் வெளிநாட்டுத் தலைவர்களும் மாநாட்டுப் பிரதிநிதிகளும் கடந்துபோகும் கூடத்தில் அது இருந்தது. 1979இல் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அதைக் கழற்றிப் பண்டகசாலைக்குக் கொண்டுபோனார்கள். சிற்பியிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. கழற்றிய விதத்தில் துண்டுகள் உடைந்தன, பல பகுதிகள் காணாமலும் போயின.

சேகல் அதிகாரிகளுக்கு மாறி மாறி எழுதிப் பார்த்தார். பயன் இல்லாததால் 1992இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மிச்சம் இருப்பதற்கு மேலும் சேதம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ஆண்டே இடைக்காலத் தடை கிடைத்தது. இறுதித் தீர்ப்புக்கோ 2005 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட வழக்கு தொடுக்க நினைப்பவர்கள் இந்தப் பதின்மூன்று ஆண்டுகளையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

அரசின் வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள்; சொந்தக்காரர் அதைக் கூடத்திலும் வைக்கலாம், பரணிலும் போடலாம். போதாததற்கு 1994இல் செய்த திருத்தம் ஒன்றும் அதற்குக் கைகொடுத்தது. ஒரு படைப்பைக் காட்சிக்கு வைக்காததோ, படைப்பாளி மனம் நிறையும்படி வைக்காததோ 57ஆம் பிரிவை மீறியதாகாது என்று அந்தத் திருத்தம் ஒரு விளக்கத்தைச் சேர்த்திருந்தது. நீதிபதி பிரதீப் நந்தரஜோக் இதை ஏற்கவில்லை. சிற்பம் வெறுமனே உள்ளே எடுத்துவைக்கப்படவில்லை, அது உருக்குலைந்துவிட்டது என்றார். ஒரு கலைஞர் வாழ்நாளில் செய்தவை எல்லாம் சேர்ந்துதான் அவருடைய பெயர். அதிலிருந்து முக்கியமான ஒன்றை அழித்தால் அந்தப் பெயரே குறைந்துபோகும், ஆகவே அழிப்பதும் சிதைப்பதில் கடைசி எல்லைதான் என்பது தீர்ப்பின் சாரம். எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் திருப்பித் தர வேண்டும், இனி அதில் அரசுக்கு எந்த உரிமையும் இல்லை, 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்று உத்தரவானது. அவர் கேட்டது 50 லட்சம். பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. ஆனாலும் விலை கொடுத்து வாங்கியவர் கையிலிருந்து பொருளே படைப்பாளியிடம் திரும்பி வந்தது சாதாரணமான விஷயம் அல்ல.

சிற்பம் ஒரே ஒரு பொருள், அதில் சிதைவு கண்ணுக்குத் தெரியும். கதை படமாகும்போதுதான் சிக்கல். மன்னு பண்டாரி இந்தியில் எழுதிய ‘ஆப் கா பண்ட்டி’ நாவல், பிரிந்த பெற்றோருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சிறுவனைப் பற்றியது. அதைப் படமாக்கும் உரிமையை அவர் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு விற்றார். திரைக்கு ஏற்றபடி மாற்றங்கள் செய்துகொள்ளவும் ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. ‘சமய் கி தாரா’ என்ற பெயரில் படம் தயாரானதும் பார்த்தவர், பாத்திரங்களும் வசனமும் தன் நாவலைக் கொச்சையாக்கிவிட்டன என்று வழக்குத் தொடுத்தார். 1986இல் தில்லி உயர் நீதிமன்றம் அதை விசாரித்து முடிப்பதற்குள் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. படத்தில் நாவலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் வராது என்று முடிவாயிற்று. அப்படியும் சட்டம் என்ன சொல்கிறது என்பது தெளிவாக இருக்கட்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பை எழுதியது.

இன்றைக்கும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. நாவலின் உள்மன ஓட்டத்தைக் காமிராவால் அப்படியே பிடிக்க முடியாது, மூன்று நூறு பக்கத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் சுருக்கத்தான் வேண்டும், ஆகவே ஊடகம் மாறும்போது மாற்றம் தவிர்க்க முடியாதது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒப்பந்த வரி, வேறொன்றாக ஆக்கிவிடலாம் என்ற அனுமதி ஆகாது. எந்த ஒப்பந்தமானாலும் அதை 57ஆம் பிரிவுக்கு உட்பட்டதாகவே படிக்க வேண்டும். கதை விற்கும் எழுத்தாளர்கள் நினைவில் வைக்க வேண்டிய இடம் இதுதான். வெட்டியது, சேர்த்தது, ஊரை மாற்றியது ஆகியவற்றை வைத்து வழக்கு நிற்காது. பாத்திரத்தின் குணமும் கதையின் மையமும் தலைகீழாகியிருக்கின்றனவா என்று காட்ட வேண்டும்.

அடுத்த கேள்வி, பெயர் கெட்டுவிட்டது என்பதை யார் முடிவு செய்வது? படைப்பாளிக்கு மனம் புண்பட்டால் போதுமா? கனடாவில் 1982இல் வந்த ஒரு தீர்ப்பு இதற்கு உதவும். டொராண்டோ நகரத்து வணிக வளாகம் ஒன்று மைக்கேல் ஸ்னோ என்ற கலைஞரிடம் பறக்கும் வாத்துக் கூட்டம் ஒன்றை வாங்கித் தொங்கவிட்டிருந்தது. மொத்தம் 60 வாத்துகள். கிறிஸ்துமஸ் வந்ததும் ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். சிற்பத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை, அவிழ்த்தால் பழையபடி ஆகிவிடும். ஆனாலும் தன் படைப்பு கேலிப்பொருளாகிவிட்டது என்று ஸ்னோ வழக்குப் போட்டார். வளாகத்துக்காரர்கள் அதை வெறும் அலங்காரம் என்றார்கள். படைப்பாளியின் கருத்துக்கு இடமுண்டு, ஆனால் அது நியாயமான அடிப்படையில் எழுந்ததாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தத் துறையில் மதிப்புள்ள மற்றக் கலைஞர்களும் அவரோடு ஒத்துப்போனதால் ரிப்பன்களை அவிழ்க்க உத்தரவிட்டது.

1994க்கு முன்பு எந்தச் சிதைவையும் எதிர்க்கலாம் என்ற அளவுக்கு இந்தியச் சட்டத்தின் வாசகம் அகலமாக இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு மதிப்புக்கோ நற்பெயருக்கோ கேடு என்பதையும் காட்டியாக வேண்டும். 2012 திருத்தம் வேறு திசையில் போனது. பதிப்புரிமைக் காலத்துக்குள் நடந்த சிதைவை மட்டுமே எதிர்க்கலாம் என்ற கட்டு அதில் நீக்கப்பட்டது. படைப்பாளி இறந்த பிறகு பெயர் போடச் சொல்லும் உரிமையும் அவருடைய சட்டப்பூர்வ வாரிசுகளுக்குக் கிடைத்தது. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடியும், நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் வரிகளைத் திருத்தி அவர் பெயரிலேயே வெளியிட்டால் வாரிசுகள் கேள்வி கேட்க இப்போது வழி இருக்கிறது. பழைய நூல்களை மறுபதிப்புச் செய்யும் பதிப்பகங்கள் இதை அறிந்துவைத்திருக்க வேண்டும்.

இந்த உரிமையைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியுமா? இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்று நேரடியாகச் சொல்கிறது. இந்தியச் சட்டம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ‘நானக் ஷா பக்கீர்’ படத்தின் இயக்குநர் யார் என்ற தகராறில், பெயர் போட வேண்டாம் என்று ஒருவர் மனமொப்பி எழுதிக்கொடுத்தால் அது பொது நலனுக்கு விரோதம் ஆகாது என்று 2015இல் தில்லி உயர் நீதிமன்றம் கருதியது. ஆகவே ஒப்பந்தத்தில் ‘தார்மிக உரிமைகளைத் துறக்கிறேன்’ என்ற வரி இருந்தால், அது செல்லாது என்று நம்பிக் கையெழுத்திடுவது ஆபத்து. அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேட்பதே புத்திசாலித்தனம்.

திரையிசைத் தகராறுகளில் இரண்டு உரிமைகளும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. தன் பாட்டை அனுமதி இல்லாமல் படத்தில் போட்டார்கள், பணம் தரவில்லை என்பது பதிப்புரிமைப் புகார். பதிப்புரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அதைச் சொல்ல முடியும். பாட்டைக் கெடுத்துவிட்டார்கள், பெயரை மறைத்துவிட்டார்கள் என்பது 57ஆம் பிரிவுப் புகார். இதைச் சொல்லப் பதிப்புரிமை கையில் இருக்கத் தேவையில்லை, இசையமைத்தவர் என்ற நிலையே போதும். எந்தப் புகாரானாலும் மூலக் கையெழுத்துப் பிரதி, ஒப்பந்தம், சிதைந்த வடிவத்தின் நகல், தெரிந்த உடனே அனுப்பிய ஆட்சேபக் கடிதம் ஆகியவைதான் வழக்கின் உயிர். படம் வெளியாவதற்கு முதல் நாள் ஓடிவந்து தடை கேட்பவர்களைப் பார்த்து, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றுதான் நீதிபதி முதலில் கேட்பார்.

கட்டடங்கள் விஷயத்தில் இந்த உரிமை வலுவிழந்துவிடுகிறது. தில்லி பிரகதி மைதானத்தில் கட்டடக்கலைஞர் ராஜ் ரேவால் வடிவமைத்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அதே போன்ற கட்டடத்தைத் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று அவர் 57ஆம் பிரிவின்படி கேட்டார். 2019இல் தில்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நிலம் ஒருவருடையது, அதில் எதைக் கட்டுவது எதை இடிப்பது என்ற சொத்துரிமையைக் கட்டடக்கலைஞரின் உரிமை மீற முடியாது என்றது. முழுவதும் மறைந்துபோன ஒன்றை யாரும் பார்க்கப்போவதில்லை, பார்க்க முடியாதது யாருடைய பெயரையும் கெடுக்காது என்றும் சொன்னது. அழிப்பதே சிதைப்பதில் கடைசி எல்லை என்ற சேகல் தீர்ப்போடு இது ஒத்துப்போகவில்லை. இரண்டும் ஒரே நீதிமன்றத்தில் வந்தவை. கட்டடத்தின் ஒரு சுவரைக் கோணலாக மாற்றினால் வழக்குப் போடலாம், மொத்தமாகத் தரைமட்டம் ஆக்கினால் போட முடியாது என்பதுதான் 2019 தீர்ப்பின் விளைவு. சொத்துரிமைக்குக் கட்டுப்பட்டுத் தந்த அந்த விடை, 57ஆம் பிரிவின் நோக்கத்துக்குப் பொருந்தாத விடை.