தினம் ஒரு கேப்சூல்: தொடுபவர்களும் கவனிக்க

அரிவாள் செல் நோய்க்கான ஹைட்ராக்சியூரியா கேப்சூலை எடை பார்த்தே டாக்டர் கொடுப்பார். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால், 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 500 மில்லிகிராம், அதாவது தினம் ஒரு கேப்சூல். நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

இம்மருந்தால் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிக் குறையலாம். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று இருந்துவிடாதீர்கள். ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். அதனால்தான் தொடக்கத்தில் மாதம் ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். அணுக்கள் ரொம்பக் குறைந்திருந்தால் மருந்தைச் சில நாள் நிறுத்தி வைப்பார்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேப்சூலை உடைக்காதீர்கள். கையுறை போட்டு எடுத்துக் கொடுங்கள். பிறகு கை கழுவுங்கள். தூள் சிந்தினால் கூட்டாமல், ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி தொடவே வேண்டாம். அப்பாவோ பாட்டியோ கொடுக்கட்டும்.